ரிடென்ஷன் கிராஃப் காட்டும் பள்ளங்கள்

யூடியூபில் வீடியோ போடுகிறவர்களில் பெரும்பாலோர் மறுநாள் காலையில் முதலில் பார்ப்பது வியூஸ் எண்ணிக்கையை. எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதோடு அந்த எண் நின்றுவிடும். வந்தவர்கள் எந்த நிமிடம் வரை இருந்தார்கள், எந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்தார்கள், எதைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள் என்பதை அறிய வேறொரு படம் இருக்கிறது. யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவைத் திறந்து, அனலிடிக்ஸ் பக்கத்துக்குப் போனால், இடமிருந்து வலமாகச் சரியும் ஒரு கோட்டைப் பார்க்கலாம். அதைத்தான் ரிடென்ஷன் கிராஃப் என்கிறார்கள். வீடியோ வெளியான பிறகு அது தயாராக ஒன்றிரண்டு நாள் ஆகும்.

யூடியூப் 2012-இல் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை கிளிக் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு அதிக எடை கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து இந்தக் கோட்டைப் பற்றிப் பேசாத யூடியூபர் இல்லை. ஆனால் "கிராஃப் நல்லா இல்லை, இன்ட்ரோவைச் சின்னதாக்கு" என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடுத்த வீடியோவை எப்படி வெட்டி ஒட்டுவது என்ற முடிவை எடுக்க வேண்டுமானால் கோட்டை இன்னும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு குறிப்பிட்ட நொடி மொத்தம் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை, வீடியோவின் மொத்த வியூஸால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பது அந்தப் புள்ளி. இங்கே எண்ணப்படுவது ஆட்கள் இல்லை, அந்த நொடி ஓடிய தடவைகள். ஒருவரே ஒரு இடத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தால் மூன்றும் கணக்கில் சேரும். அதனால்தான் கோடு சில இடங்களில் மேலேறுகிறது, சில வீடியோக்களில் நூறு சதவீதத்தைக்கூடத் தாண்டுகிறது. போனவர்கள் திரும்பி வந்தார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இது புரிந்தால் பாதி குழப்பம் தீரும்.

ஒரு உதாரணத்தோடு போனால் எளிது. ஈரோட்டில் கடை வைத்திருக்கும் மிக்ஸி மெக்கானிக் ஒருவர் சேனல் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எடிட்டிங் பார்ப்பது அவருடைய அக்கா மகன். 'மிக்ஸி ஜாரில் தண்ணீர் ஒழுகுதா? நீங்களே சரி பண்ணலாம்' என்று 8 நிமிட வீடியோ ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். ஆளும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் கோட்டின் வடிவங்கள், பழுதுபார்க்கும் வீடியோக்களில் வழக்கமாக வருகிறவைதான்.

வீடியோ இப்படிப் போகிறது. முதல் 12 நொடி இசையோடு லோகோ. பிறகு வணக்கம், கடை அறிமுகம், சப்ஸ்கிரைப் வேண்டுகோள் என்று 50-ஆவது நொடி வரை. ஜார் ஏன் ஒழுகுகிறது என்ற விளக்கம் 1:50 வரை. என்னென்ன கருவி வேண்டும் என்பது 2:30 வரை. அதன் பிறகுதான் கை ஜாரைத் தொடுகிறது. அடியில் உள்ள கப்ளரையும் பிளேடையும் கழற்றுவது 4:10 வரை, தேய்ந்துபோன புஷ்ஷை எடுத்துப் புதியதைப் போடுவது 5:40 வரை, திரும்ப மாட்டுவது 6:50 வரை. அப்புறம் தண்ணீர் ஊற்றிச் சோதனை. 7:10-இல் "அவ்வளவுதாங்க" என்கிறார். மீதி, நன்றியும் விடைபெறுதலும்.

கோடு இப்படி இருக்கிறது. 30-ஆவது நொடியில் 54 சதவீதம். 50-ஆவது நொடியில் 47. விளக்கம் முடியும்போது 38. கருவிகளின் பட்டியல் முடியும்போது 33. கை ஜாரைத் தொட்டதும் 36-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. 3:20-இல் 44 வரை ஒரு கூர்மையான முனை, உடனே திரும்ப 36. அதன் பிறகு மெதுவான சரிவு, 6:50-இல் 27. "அவ்வளவுதாங்க" என்றதும் செங்குத்தாக விழுந்து பதினொன்றுக்கு வருகிறது. சராசரியாகப் பார்த்த நேரம் ஏறக்குறைய 2 நிமிடம் 50 நொடி, அதாவது 35 சதவீதம்.

இந்தச் சராசரியை வைத்து, "ஆட்கள் மூன்றாவது நிமிடத்தில் போய்விடுகிறார்கள், அங்கே ஏதோ தவறு" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கோட்டைப் பாருங்கள். 2:50-இல் கோடு ஏறி நிற்கிறது. பத்து நொடியில் போன பலரும், ஏழு நிமிடம் இருந்த சிலரும் சேர்ந்து உண்டாக்கிய எண் அது. எடிட் மேசையில் சராசரி உதவாது, வடிவம்தான் உதவும்.

வடிவங்களில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, விழுந்த கோடு மீண்டும் எழுந்ததா இல்லையா என்பதை. இதைத் தவறவிட்டால் மருந்து மாறிப்போகும். நம் உதாரணத்தில் 2:30-இல் 33 ஆக இருந்தது, பத்துப் பதினைந்து நொடியில் 36 ஆகி அந்த மட்டத்திலேயே நிலைத்தது. கூடுதலாக வந்த அந்த மூன்று சதவீதம், முன்பே ஏதோ ஒரு இடத்திலிருந்து விரலால் இழுத்து நேராக வேலை நடக்கும் இடத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்கு வீடியோ வேண்டும், ஆனால் விளக்கமும் கருவிப் பட்டியலும் அந்த இடத்தில், அந்த நீளத்தில் வேண்டாம். இது பள்ளம். 7:10-இல் விழுந்த கோடு எழவே இல்லை. அது படி. போனவர்கள் போனவர்கள்தான். பள்ளத்துக்கு மருந்து சுருக்குவதும் இடம் மாற்றுவதும். படிக்கு மருந்து, அவர்களைப் போகச் சொன்ன சொல்லையோ காட்சியையோ கண்டுபிடிப்பது.

அந்தக் காரணம் கோடு விழும் நொடியில் இருக்காது, அதற்குச் சற்று முன்னால் இருக்கும். அலுப்புத் தட்டி, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பொறுத்து, பிறகுதான் விரல் நகரும். ஆகவே விழுந்த இடத்திலிருந்து ஒரு பத்து நொடி பின்னால் போய், அங்கிருந்து வீடியோவை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டுடியோவில் கிராஃபுக்குப் பக்கத்திலேயே வீடியோவும் ஓடும் என்பதால் இதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை. கோட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பதைவிட, இப்படிக் கோட்டையும் காட்சியையும் சேர்த்துப் பார்க்கும் இருபது நிமிடம் பல மடங்கு பயன் தரும்.

அடுத்து 3:20-இல் இருக்கும் முனை. "ஆஹா, இந்த இடம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று நினைக்கத் தோன்றும். நடனமோ நகைச்சுவையோ என்றால் அப்படி இருக்கலாம். பழுதுபார்க்கும் வீடியோவில் முனை என்றால் பெரும்பாலும் புரியவில்லை என்று பொருள். அந்த இடத்தை ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது: கப்ளரை எந்தப் பக்கம் திருகிக் கழற்றுகிறார் என்பதை மெக்கானிக்கின் சொந்தக் கையே மறைத்துவிட்டது. காட்சி நான்கு நொடியில் முடிந்துவிட்டது. ஜாரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பின்னால் இழுத்து மறுபடி பார்க்கிறார், மறுபடியும் தெரியவில்லை, இன்னொரு முறை இழுக்கிறார். முனை குறுகலாக, இருபது நொடிக்குள் ஏறி இறங்கிப் பழைய மட்டத்துக்கே வந்தால் அது திருப்பிப் பார்த்ததன் அடையாளம். ஏறிய மட்டத்திலேயே நின்றால் தாண்டிக் குதித்து வந்தவர்களின் அடையாளம். சாப்டர் பிரித்திருந்தாலும், கருத்துப் பகுதியில் யாராவது நேரத்தைக் குறிப்பிட்டிருந்தாலும் அந்த இடத்தில் கோடு ஏறும். அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கோடு காட்டாத ஒன்றும் உண்டு. வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டு ஸ்குரூவைக் கழற்றும் பத்து நிமிடம் இந்தப் படத்தில் எங்கும் பதிவாகாது. வேலை செய்துகொண்டே பார்க்கிறவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதைக் கருத்துகளில்தான் தேட வேண்டும். "3:20ல எந்த சைடு திருப்பணும்ணே?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தால், முனைக்கு நாம் சொன்ன காரணம் சரிதான் என்று நம்பலாம்.

முதல் 30 நொடியை யூடியூப் தனியாகவே காட்டுகிறது. அந்த நேரம் கழிந்தும் எத்தனை சதவீதம் பேர் இருக்கிறார்கள் என்று ஒரு எண் வரும். இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. முதல் சில நொடிகளில் கணிசமான பேர் போவது எந்த வீடியோவிலும் நடக்கும். தவறி விரல் பட்டவர்கள், வேறு எதையோ எதிர்பார்த்தவர்கள் எல்லாம் அதில் அடக்கம். தலைப்பும் தம்ப்நெயிலும் கொடுத்த வாக்கு ஒன்று, வீடியோ தொடங்கும் விதம் இன்னொன்று என்றால் அந்த விழுக்காட்டை எடிட்டிங் மட்டும் சரிசெய்யாது. நம் உதாரணத்தில் தலைப்பு நேர்மையானது, ஒழுகும் ஜார்தான் பேச்சு. ஆனால் வீடியோ திறந்ததும் ஜார் இல்லை, லோகோ சுழல்கிறது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்ற சந்தேகத்தை முதல் 12 நொடி தீர்க்கவே இல்லை. ஆகவே தவறு எடிட்டிங்கில்தான்.

எத்தனை வியூஸ் வந்த பிறகு இதையெல்லாம் நம்பலாம்? 100 வியூஸ் என்றால் ஒருவர் ஒரு சதவீதம். வீடியோவின் கடைசிப் பகுதியில் இருபது பேர்தான் மிச்சம் என்றால், மூன்று பேர் தேநீர் குடிக்கப் போனாலே கோட்டில் ஒரு பள்ளம் விழும். அதைப் பார்த்து அடுத்த வீடியோவை மாற்றக் கூடாது. சில நூறு வியூஸாவது சேரட்டும், அதற்கு மேல் ஆயிரம் என்றால் இன்னும் நல்லது. யார் பார்த்தார்கள் என்பதும் முக்கியம். முதல் இரண்டு மூன்று நாள் வருபவர்களில் நம் சப்ஸ்கிரைபர்கள் அதிகம். அவர்கள் மெக்கானிக்கின் பேச்சுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். வாரங்கள் போகப்போக, ஜார் ஒழுகி, தேடிப் பிடித்து வருபவர்கள் கூடுவார்கள். அப்போது அறிமுகப் பகுதியில் கோடு இன்னும் ஆழமாக விழும். வீடியோ கெட்டுப்போகவில்லை, கூட்டம் மாறியிருக்கிறது. சப்ஸ்கிரைபர்கள், மற்றவர்கள் என்று கோட்டைப் பிரித்துக் காட்டும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. தேடி வருபவர்களுக்கான வீடியோ என்றால் மற்றவர்களின் கோட்டையே வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும்.

இப்போது அடுத்த வீடியோ. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் மாற்றுவது. படப்பிடிப்புக்கு முன்பே மருமகன் கிராஃபைக் காட்டுகிறான்.

"மாமா, அந்த லோகோ வேண்டாமுங்க. அதுலயே நிறையப் பேரு போயிடறாங்க."

"அது இல்லைன்னா நம்ம கடை பேரு எப்படிடா தெரியும்?"

"உங்க சட்டைக்குப் பின்னால போர்டு தெரியற மாதிரி கேமராவை வச்சுக்கலாமுங்க."

இதுதான் சரியான தீர்வு. கடையின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற தேவை நியாயமானது. அதற்காகத் தனியாக 12 நொடி செலவழிப்பதுதான் கேள்வி. புதிய வீடியோவின் முதல் காட்சியில் மிக்ஸியின் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே பொறி பறப்பது தெரிகிறது. அடுத்த காட்சியில் தேய்ந்து குட்டையான பிரஷும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். "மிக்ஸி ஓடும்போது உள்ளே பொறி பறக்குதா? இந்தக் கரித்துண்டு தேஞ்சிருக்கும். மாத்திக் காட்டறேன்." எல்லாம் சேர்த்து எட்டு நொடிக்கு மேல் இல்லை. வணக்கம் அதற்குப் பிறகு, ஒரே ஒரு சொல்லாக.

கருவிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிப் பேசிய 40 நொடி போய்விடுகிறது. எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பி மேலிருந்து எடுத்த ஒரு காட்சி, பெயர்கள் எழுத்தில், ஆறு நொடி. வேண்டியவர் அங்கே நிறுத்திப் பார்த்துக்கொள்வார். பிரஷ் ஏன் தேய்கிறது என்ற விளக்கத்தை அவர்கள் நீக்கவில்லை, இடம் மாற்றினார்கள். பழைய பிரஷைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு, அதையே காட்டிப் பேசுகிறார். போன முறை வேலை தொடங்கும் முன்பே கேட்டதால் சலித்த அதே விஷயத்தை, பொருள் கண்முன் இருக்கும்போது கேட்பதற்கு ஆள் இருக்கும் என்பது அவர்களுடைய ஊகம். சரியா என்று அடுத்த கிராஃப் சொல்லும்.

முனைக்கு நேர் எதிரான வைத்தியம். சுருக்கக் கூடாது, நீட்ட வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிரஷை அதன் கூட்டுக்குள் தள்ளும் இடம்தான் இந்த வேலையில் கை மறைக்கக்கூடிய இடம். கேமராவை மெக்கானிக்கின் தோளுக்கு மேலாக, அவர் கண் பார்க்கும் கோணத்தில் வைக்கிறார்கள். காட்சி முடிந்ததும் கூடுதலாக நான்கு நொடி அப்படியே நிற்கிறது, பிறகு அதே செயல் இன்னொரு முறை மெதுவாக. ரிடென்ஷன் என்றாலே எல்லாவற்றையும் வேகப்படுத்துவது என்று நினைத்து, மூச்சு விடும் இடைவெளியைக்கூட வெட்டித் தள்ளும் எடிட்டர்கள் இருக்கிறார்கள். கை வேலை கற்றுக்கொடுக்கும் வீடியோவை அது நாசமாக்கிவிடும்.

கோடு சமமாகப் போன இடத்தைத் தொடாமல் விட்டதும் ஒரு முடிவுதான். முந்தைய வீடியோவில் புஷ் மாற்றும் ஒன்றரை நிமிடம் எடிட்டருக்கு இழுவையாகத் தெரிந்தது. ஆனால் கோடு அங்கே மெதுவாகத்தான் சரிந்தது. பார்த்தவர்களுக்கு இழுவையாக இல்லை என்றால் எடிட்டரின் அலுப்பு கணக்கில் வராது. அந்த வேகத்தையே இங்கும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிக்ஸியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கச் சொல்லும் இடத்தில் கோடு விழுந்தாலும் அது வீடியோவில் இருந்தே தீர வேண்டும். எச்சரிக்கையை வெட்டிச் சம்பாதிக்கும் நான்கு நொடி யாருக்கும் வேண்டாம். வேண்டுமானால் தனியாக நின்று சொல்லாமல், பிளக்கைப் பிடுங்கும் கையைக் காட்டிக்கொண்டே சொல்லலாம்.

முடிவில் "அவ்வளவுதாங்க" கிடையாது. மூடியை மாட்டி மிக்ஸியை ஓட்டி, பொறி இல்லாமல் ஓடுகிறது என்று காட்டும் அதே காட்சியின் மேல் அடுத்த வீடியோவைப் பற்றிப் பேசுகிறார். யூடியூப் 5 முதல் 20 நொடி வரை அனுமதிக்கும் எண்ட் ஸ்கிரீன் அப்போதே வந்துவிடுகிறது. மொத்தம் ஐந்தரை நிமிடத்தில் வீடியோ முடிந்தது.

மூன்று வாரம் கழித்து வந்த கோடு: 30-ஆவது நொடியில் 66, இரண்டரை நிமிடத்தில் 50, கடைசி வேலை முடியும்போது 38. சராசரி 35 சதவீதத்திலிருந்து 50 ஆகியிருக்கிறது. பெரிய வெற்றி என்று கொண்டாடத் தோன்றும், ஆனால் நொடிக்கணக்கில் பார்த்தால் பழையது 2 நிமிடம் 50 நொடி, புதியது 2 நிமிடம் 45 நொடி. ஏறக்குறைய ஒன்றுதான். வீடியோ குட்டையானால் சதவீதம் தானாகவே ஏறும். அதனால்தான் யூடியூபும் ஒரு வீடியோவை ஒப்பிடும்போது, அதே சேனலின் ஏறத்தாழ அதே நீளமுள்ள அண்மை வீடியோக்களோடு வைத்துப் பார்க்கிறது. ஒரு காட்சியை முன்னால் நகர்த்தினாலும் இதே மாயம் நடக்கும். முன்பு 2:30-இல் தொடங்கிய வேலை இப்போது 40-ஆவது நொடியில் தொடங்கினால், அதைப் பார்த்தவர்களின் சதவீதம் கூடித்தான் இருக்கும். அது எடிட்டரின் சாதனை ஆகாது.

நேர்மையான ஒப்பீடு இரண்டு. ஒன்று, இரண்டு வீடியோவிலும் ஒரே கடிகார நேரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்: இரண்டரை நிமிடத்தில் 33 இப்போது 50. இன்னொன்று, வேலையின் கடைசிப் படி வரை எத்தனை பேர் வந்தார்கள்: 27 இப்போது 38. சொல்லித்தர வேண்டியதைக் குறைந்த நேரத்தில் கூடுதல் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் சேனலுக்கு இதுதான் முன்னேற்றம். பாதியில் விடை கிடைத்து நன்றியோடு போனவரையும் இந்தக் கோடு இழப்பு என்றுதான் காட்டும் என்பதை மறக்க வேண்டாம். அவரை உட்கார வைப்பதற்காக விடையைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைக்கும் தந்திரம் சிலரிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. யூடியூப் பார்வையாளர்களிடம் திருப்தியா என்று கருத்துக் கேட்டு, அதையும் பரிந்துரையில் சேர்த்துக்கொள்கிறது என்பது ஒரு காரணம். ஒழுகும் ஜாரோடு வந்தவரைக் காக்க வைப்பது முறையல்ல என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இந்த உதாரணத்தில் ஒரே சமயத்தில் ஐந்தாறு மாற்றம் செய்துவிட்டார்கள். 66 என்ற எண்ணுக்குக் காரணம் லோகோ போனதா, பொறி பறக்கும் காட்சியா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வீடியோவின் பொருளும் வேறு என்பது இன்னொரு சிக்கல். முதல் முறை இது பரவாயில்லை, திருத்த வேண்டியது அதிகம் இருந்தது. இரண்டாவது முறையிலிருந்து ஒரு வீடியோவுக்கு ஒரு பெரிய மாற்றம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

நீங்களும் சேனல் வைத்திருந்தால், அடுத்த படப்பிடிப்புக்குக் கேமராவை எடுப்பதற்கு முன் போன வீடியோவின் கோட்டைத் திறந்து வையுங்கள். ஒரு நோட்டில் மூன்று இடத்தை மட்டும் குறியுங்கள்: மிக ஆழமான பள்ளம், மிகப் பெரிய படி, மிக உயரமான முனை. ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி முன்னால் திரையில் என்ன இருந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் இந்த முறை மாற்றுங்கள்.